நிலக்கடலை விதைநேர்த்திக் காணொளி: ஸ்டோரிபோர்டைப் பார்த்துத் திருத்தங்கள் சொல்லுங்கள்

கோட்டோவியம்

வணக்கம். சிறு விவசாயிகளுக்காக நிலக்கடலை விதைநேர்த்தி பற்றி ஐந்து நிமிடச் செயல்விளக்கக் காணொளி ஒன்றைத் தயாரிக்கிறோம். ஸ்டோரிபோர்டு வரைவது என் பொறுப்பு. படப்பிடிப்புக்கு முன்னால் வயலையும் விதையையும் அறிந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இங்கே பகிர்கிறேன்.

பார்ப்பவர்களில் பலர் கைப்பேசியில், ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படுகிறவர்களும் இருப்பார்கள். ஆகையால் படத்தை மட்டும் பார்த்தாலே வேலை புரிய வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டேன். காணொளி முழுவதும் ஒரே பெண் விவசாயி, 10 கிலோ விதைப் பருப்பு.

கட்டம் 1: ஓடு நீக்கிய பருப்புக் குவியல், தூரக் காட்சி.
கட்டம் 2: சுருங்கியதையும் உடைந்ததையும் பொறுக்கி எடுக்கிறார்.
கட்டம் 3: வாளியில் பருப்பைக் கொட்டுகிறார்.
கட்டம் 4: பூஞ்சைக்கொல்லித் தூளைச் சேர்த்துக் கையால் பிசைகிறார்.
கட்டம் 5: டிரைக்கோடெர்மா தூளைச் சேர்க்கிறார்.
கட்டம் 6: கஞ்சியில் கரைத்த ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தை ஊற்றிக் கலக்குகிறார்.
கட்டம் 7: வெயிலில் பருப்பை உலர்த்துவது, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.
கட்டம் 8: நிழலில் உலர்த்துகிறார். திரையில் ‘30 நிமிடம்’ என்ற எழுத்து.
கட்டம் 9: விதைக்கிறார்.
கட்டம் 10: செழித்த வயல். புன்னகை.

எங்கே தடுமாறுகிறது, எது விடுபட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

களத்துமேடு

ஒலி இல்லாமலே புரிய வேண்டும் என்று தொடங்கியிருக்கிறீர்களே, அதுவே நல்ல அடித்தளம். ஆனால் 4, 5 ஆகிய இரண்டு கட்டங்களும் ஒரே காணொளியில் இருக்கக் கூடாது.

டிரைக்கோடெர்மா தானே ஒரு பூஞ்சை. விதையைச் சுற்றி வளர்ந்து, கழுத்தழுகலையும் வேரழுகலையும் உண்டாக்கும் பூஞ்சைகளை நெருங்கவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கார்பன்டாசிம் போன்ற மருந்து பூசிய பருப்பின்மேல் அதைத் தூவினால், காவலுக்கு வந்ததையே முதலில் கொல்கிறோம். விவசாயி இரண்டுக்கும் பணம் கொடுத்திருப்பார், வேலை செய்வது ஒன்றாகத்தான் இருக்கும்.

வழிகள் இரண்டு. ஒன்று உயிர் வழி: கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, பிறகு ரைசோபியம், நிழலில் உலர்த்தல், அன்றே விதைப்பு. மற்றது மருந்து வழி: பூஞ்சைக்கொல்லியை முதல் நாளே பூசி, 24 மணி நேரம் கழித்து ரைசோபியம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டையும் காட்டினால், பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துச் செய்வார்.

பசுந்தாள்

ஐயா சொல்வது சரி, ஆனால் இதற்கு எளிய தீர்வு உண்டு. 24 மணி நேர இடைவெளி விட்டுவிட்டால் எதன்மேலும் எதையும் பூசலாம். எங்கள் பக்கம் முதல் நாள் பூஞ்சைக்கொல்லி, மறுநாள் டிரைக்கோடெர்மாவும் ரைசோபியமும் சேர்த்தே செய்கிறோம். ஒரு கட்டத்தில் இரவு வருவதைக் காட்டினால் போதும், மூன்றையும் ஒரே காணொளியில் வைத்துக்கொள்ளலாம்.

களத்துமேடு

@பசுந்தாள், இடைவெளி ரைசோபியத்துக்கு உதவும், ஏனென்றால் அது பாக்டீரியா. பூஞ்சைக்கொல்லியின் நேரடி இலக்கு அது அல்ல. அப்படியிருந்தும் பூச்சு ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் கணிசமாகச் சாகும் என்பதால்தான் ஒரு நாள் தள்ளச் சொல்கிறோம். டிரைக்கோடெர்மாவின் கதை வேறு. கார்பன்டாசிம் விதையில் ஒட்டிக்கொண்டு பல நாள் நிற்பதற்காகவே தயாரிக்கப்பட்ட மருந்து. ஒரே இரவில் மறைந்துவிட்டால் அது கழுத்தழுகலை எப்படித் தடுக்கும்? மறுநாள் தூவும் டிரைக்கோடெர்மாவுக்கும் அதே மருந்துதான் காத்திருக்கிறது.

சில மருந்துகளைத் தாங்கும் டிரைக்கோடெர்மா வகைகளும் உண்டு என்பது உண்மை. ஆனால் காணொளியைப் பார்ப்பவர் கையில் எந்தப் பொட்டலம் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

கோட்டோவியம்

அப்படியானால் உயிர் வழியை எடுத்துக்கொள்கிறேன். மருந்து வழிக்குத் தனிக் காணொளி வைத்துக்கொள்ளலாம். கட்டம் 4 நீக்கம்.

ஐயா, அளவு பற்றி ஒரு சந்தேகம். 10 கிலோவுக்கு 40 கிராம் டிரைக்கோடெர்மா. கிராம் தராசு இல்லாத வீட்டில் 40 கிராமை எப்படிக் காட்டுவது? கரண்டி வைத்து வரையலாமா?

களத்துமேடு

கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். நான் பயிற்சிகளில் செய்வது இது: எங்காவது ஒருமுறை 40 கிராமைச் சரியாக எடைபோட்டு, அதை ஒரு தெளிவான பிளாஸ்டிக் குவளையில் கொட்டி, லேசாகத் தட்டிச் சமன்செய்து, தூள் நிற்கும் உயரத்தில் வெளிப்பக்கம் கோடு போட்டுவிடுவோம். அடுத்த முறையிலிருந்து அந்தக் கோடுதான் தராசு. வேறு நிறுவனத்தின் தூள் என்றால் புதுக் கோடு போட வேண்டும், தூளுக்குத் தூள் அடர்த்தி வேறுபடும்.

படத்தில் தராசு, குவளை, கோடு போடும் விரல் மூன்றும் ஒரே ஷாட்டில் வந்தால் எழுத்தே தேவைப்படாது. அந்தக் குவளையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் எப்படியாவது காட்டுங்கள்.

மானாவாரி

வணக்கம். விதைநேர்த்தி பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். நானும் இந்தப் பருவத்தில் டிரைக்கோடெர்மா, ரைசோபியம் எல்லாம் போட்டுத்தான் விதைத்தேன். ஆனால் முளைப்பு திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. பாதிக் குழிகளில் ஒன்றுமே இல்லை. முளைத்ததிலும் சில வாடுகின்றன. இப்போது என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொன்னால் நல்லது.

களத்துமேடு

@மானாவாரி, மருந்துக்குப் போவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். நேர்த்தி செய்த பிறகு எவ்வளவு நாள் கழித்து விதைத்தீர்கள்? இடையில் பருப்பு எதில் இருந்தது? முளைக்காத குழியைத் தோண்டினால் பருப்பு எப்படி இருக்கிறது?

மானாவாரி

நேர்த்தி செய்த அன்றே பெருமழை பிடித்துக்கொண்டது. வயலில் கால் வைக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. ஈரம் போய்விடக் கூடாது என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். தோண்டிப் பார்த்தேன், பருப்பு கூழாகிக் கிடக்கிறது, மேலே கரிப்பொடி போல ஏதோ இருக்கிறது. வாடிய செடியை இழுத்தால் தரைமட்டத்தில் பிய்ந்து வந்துவிடுகிறது. அங்கேயும் அதே கரிப்பொடி.

களத்துமேடு

கழுத்துப் பகுதியில் கரும்பொடி, இழுத்ததும் பிய்வது இரண்டும் கழுத்தழுகலின் அடையாளம். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சை. மண்ணிலும் இருக்கும், விதையோடும் வரும். உங்கள் விஷயத்தில் அந்தப் பிளாஸ்டிக் பைதான் என்னை உறுத்துகிறது. ஈரம் பட்ட பருப்பு மூச்சு விடும், சூடாகும். காற்றோட்டம் இல்லாத பையில் அந்தச் சூடும் ஈரமும் கரும்பூஞ்சைக்கு வசதி. முளைவிடும் சக்தியும் குறைந்துவிடும். ரைசோபியத்தில் பெரும்பகுதி அதற்குள் செத்திருக்கும்.

ஆனால் பருப்பே ஆரம்பத்தில் நோய் கொண்டிருந்ததா, பையில் வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. நேர்த்திக்கு முன் முளைப்புச் சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். கூழாகிப்போன பருப்பை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. மேலே தெளிப்பதற்குச் செலவழிக்காதீர்கள். வாடியவற்றைப் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் வடித்துவிடுங்கள். இடைவெளிகளை நிரப்ப ஈரம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, புதிய பருப்பில் புதிதாக நேர்த்தி செய்து உடனே ஊன்றலாம். உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் இரண்டு செடிகளை வேரோடு காட்டிவிடுவது நல்லது.

மானாவாரி

நன்றி ஐயா. அலுவலரிடம் காட்டுகிறேன். மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், அதையும் உங்கள் படத்தில் சொல்லுங்கள் சகோதரி. நேர்த்தி செய்துவிட்டால் விதைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோட்டோவியம்

@மானாவாரி அண்ணா, உங்கள் அனுபவம் ஸ்டோரிபோர்டின் தொடக்கத்தையே மாற்றுகிறது. பருப்புக் குவியலோடு தொடங்காமல், உழுது ஈரமான வயலோடு தொடங்கப்போகிறேன். பெண் குனிந்து மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், பிறகுதான் வீட்டுக்கு வந்து பருப்பை எடுக்கிறார். வயல் தயாராக இருந்தால்தான் நேர்த்தி தொடங்கும் என்பது அந்த வரிசையிலேயே வந்துவிடும். மூட்டையிலிருந்து மொத்தத்தையும் எடுக்காமல் ஒரு பங்கை மட்டும் பிரித்து எடுத்து, மூட்டையை மறுபடி கட்டிவைப்பதையும் காட்டலாம் என்று நினைக்கிறேன். இன்று விதைக்கிற அளவு மட்டும்.

களத்துமேடு

அதுதான் சரியான தொடக்கம். மூட்டையைக் கட்டிவைக்கும் ஷாட்டைக் குறைத்துவிடாதீர்கள், நான்கைந்து விநாடி நிற்கட்டும்.

ஒளிப்பெட்டி

நான் வயல்களில் காணொளி எடுத்து வருகிறேன். படப்பிடிப்புக் கோணத்தில் சில குறிப்புகள்.

கேமராவை எதிரில் வைத்தால் பார்ப்பவருக்கு இடம் வலமாகத் தெரியும், கைவேலை குழம்பும். பெண்ணின் தோளுக்குப் பின்னால் வைத்துக் கையைக் கீழ்நோக்கி எடுத்தால், அந்தக் கைகள் பார்ப்பவரின் சொந்தக் கைகள் என்றே தோன்றும். கலக்குவதும் உலர்த்துவதும் முழுவதும் இந்தக் கோணத்தில் இருக்கட்டும். முகம் தொடக்கத்திலும் முடிவிலும் வந்தால் போதும்.

வாளி வேண்டாம். உள்ளே இருட்டு, பருப்பு தெரியாது. தரையில் விரிப்புப் போட்டுச் செய்யுங்கள். பளிச்சென்ற நீலப் பிளாஸ்டிக் விரிப்பு என்றால் செம்பருப்பு எடுப்பாகத் தெரியும். கோணிச்சாக்கில் போட்டால் பருப்பின் நிறமும் சாக்கின் நிறமும் ஒன்றாகிக் கைப்பேசித் திரையில் எதுவும் பிரியாது.

காற்று வீசும் நேரத்தில் தூள் ஷாட் எடுக்க வேண்டாம். தூள் பறந்தால் அளவும் போய்விடும், படமும் போய்விடும்.

களத்துமேடு

வாளி வேண்டாம் என்பதை இரண்டு கையாலும் ஏற்கிறேன், வேறு காரணத்துக்காக. நிலக்கடலைப் பருப்பின் தோல் காகிதம் போல மெல்லியது. வாளியில் போட்டுக் கையால் பிசைந்தால் தோல் உரியும், பருப்பு இரண்டாகப் பிளக்கும். தோல் போன பருப்பு மண்ணில் விழுந்தால் பூஞ்சைக்குத் திறந்த கதவு. நோயைத் தடுக்கப் போய் நோயை அழைக்கிறோம். உளுந்துக்கும் பயறுக்கும் செய்கிற அழுத்தமான கலக்கல் இங்கே ஆகாது.

விரிப்பில் பருப்பைப் பரப்பி, எதிரெதிரே இருவர் நின்று மூலைகளை மாறி மாறி உயர்த்தினால் பருப்பு தானாகவே உருளும். கை படவே வேண்டாம். மேலிருந்து எடுத்தால் பார்க்கவும் தெளிவாக இருக்கும். ஆனால் நீலப் பிளாஸ்டிக் எனக்குத் தயக்கம். அதில் ஈரம் தேங்கி நிற்கும், அடியில் இருக்கும் பருப்பு ஊறிப்போகும். உலர்த்தும் கட்டத்துக்குத் துணியோ சாக்கோதான் வேண்டும்.

ஒளிப்பெட்டி

சரி, வெளிர்நிறப் பருத்தித் துணி? செம்பருப்பு தெரியும், ஈரத்தையும் உறிஞ்சும். டிரைக்கோடெர்மா தூள் வெளிறியதாக இருந்தாலும் பருப்பின்மேல் படியும்போது நிறம் மாறுவதைக் குளோசப்பில் பிடித்துவிடலாம். ரைசோபியம் கரியதாக இருப்பதால் கவலையே இல்லை.

களத்துமேடு

பருத்தித் துணி எல்லா வகையிலும் பொருந்தும். உருட்டவும் உலர்த்தவும் அதுவே போதும்.

பசுந்தாள்

கஞ்சி எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. பருப்பு நன்றாக நனைந்தால்தானே தூள் ஒட்டும்? நெல்லுக்கு ஊறவைக்கிறோம், அதுபோல இதற்கும் சிறிது நேரம் ஊறவிட்டால் முளைப்பும் விரைவாக வருமே.

களத்துமேடு

நெல்லை ஊறவைப்பது முளைகட்டுவதற்காக. உமி காப்பதால் அது தாங்கும். நிலக்கடலைப் பருப்பை நேர்த்திக்காக ஊறவைத்தால் தோல் உப்பிச் சுருங்கும், பிறகு தொட்ட இடத்திலெல்லாம் உரியும். இங்கே கஞ்சி பசை மட்டுமே. 10 கிலோ பருப்புக்கு 100 மில்லியிலிருந்து தொடங்குவேன், அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து உருட்டுவேன். எல்லாப் பருப்பும் மினுமினுப்பானவுடன் நிறுத்திவிட வேண்டும். கஞ்சி மீந்தால் மீந்துபோகட்டும்.

கஞ்சி ஆறியிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். சூட்டோடு கலந்தால் ரைசோபியம் அங்கேயே முடிந்தது. அதைக் காட்ட ஒரு வழி: பெண் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், அப்புறம்தான் பொட்டலத்தைப் பிரிக்கிறார். கஞ்சிக்குப் பதில் ஆறவைத்த வெல்லக் கரைசலும் ஆகும், லிட்டருக்கு 100 கிராம் வெல்லம்.

நலம்நாடி

நான் கிராம சுகாதாரப் பணியில் இருக்கிறேன். ஒரு விஷயத்தில் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையுறை எங்கே? ஸ்டோரிபோர்டு முழுக்க வெறுங்கை. பூஞ்சைக்கொல்லியை நீக்கிவிட்டதால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தக் காணொளியைப் பார்த்தவர் நாளைக்கு மருந்துத் தூளையும் அதே வெறுங்கையோடு, அதே மூடாத முகத்தோடு கையாளுவார். கைக்குப் பழக்கம்தான் தெரியும், எந்தப் பொட்டலம் என்று தெரியாது.

இன்னொன்று, மீந்த விதை. நேர்த்தி செய்த பருப்பை யாரும் தின்னக் கூடாது, கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. மருந்து பூசிய விதைக்கு எச்சரிக்கையாக நிறம் சேர்ப்பார்கள். வீட்டில் பூசியதற்கு அந்த நிறம் இருக்காது. குழந்தை கையில் எடுத்தால் அது சாதாரணக் கடலைதான்.

களத்துமேடு

மீந்த விதை பற்றிச் சொன்னது முழுக்க சரி. கையுறையில் எனக்கு இரண்டு மனம். டிரைக்கோடெர்மாவுக்கும் ரைசோபியத்துக்கும் கையுறை போட்டுக் காட்டினால், இதுவும் விஷம் என்று சிலர் ஒதுங்குவார்கள். கையுறை இல்லையே என்று நேர்த்தியையே விட்டுவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நலம்நாடி

ஒதுங்குகிறவர் விளைச்சலில் கொஞ்சம் இழப்பார். பழகிக்கொண்டவர் உடலை இழப்பார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தூள்களையும் மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லதுதானே? மூக்கையும் வாயையும் மூடிய துணியாவது இருக்கட்டும்.

களத்துமேடு

மூக்குத் துணிக்கு எனக்கு மறுப்பே இல்லை. கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவும் ஷாட்டும் கட்டாயம்.

கோட்டோவியம்

மூக்குத் துணி, கை கழுவுதல், மீந்த விதை மூன்றையும் சேர்த்துவிட்டேன். கையுறையைப் பற்றிக் குழுவில் இன்னும் பேச வேண்டும், இப்போதைக்கு இரண்டு விதமாகவும் வரைந்து வைக்கிறேன்.

இனி சிவப்புப் பெருக்கல் குறி. கட்டம் 7. வெயிலில் உலர்த்தும் காட்சியை வரைந்து அதன்மேல் குறி போட்டிருந்தேன். முதல் வரைவைச் சிலருக்குக் காட்டியபோது ஒருவர் வெயிலில் உலர்த்த வேண்டும் என்றே புரிந்துகொண்டார். குறியை அவர் கவனிக்கவே இல்லை.

ஒளிப்பெட்டி

எதிர்பார்க்கக்கூடியதுதான். நகரும் கை கண்ணை இழுக்கும், அசையாத குறி இழுக்காது. ஒலி இல்லாதபோது தவறான செயலைத் தெளிவாகச் செய்துகாட்டினால் அதுவும் பாடமாகிவிடும். என் பழக்கம், தவறான செயலைக் காட்டாமல் அதன் விளைவை மட்டும் காட்டுவது. பிசைவதைக் காட்டாதீர்கள். ஒரு உள்ளங்கையில் தோல் உரிந்த பருப்பு, மறு உள்ளங்கையில் முழுப் பருப்பு. உரிந்ததை ஒதுக்குகிறார், முழுதை விரிப்பில் போடுகிறார். அவ்வளவே.

களத்துமேடு

தோலுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் வெயிலுக்கு? வெயிலில் உலர்ந்த பருப்பும் நிழலில் உலர்ந்த பருப்பும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். செத்த பாக்டீரியாவைக் கேமரா பிடிக்காது. கண்ணுக்குத் தெரியாத தவறுக்கு விளைவையும் காட்ட முடியாது. உங்கள் முறை அங்கே நின்றுவிடுகிறது.

பசுந்தாள்

வெயில் அவ்வளவு கெடுதலா? விதையை வெயிலில் காயவைத்தால் பூச்சியும் பூஞ்சையும் குறையும் என்றுதானே பெரியவர்கள் செய்தார்கள்.

களத்துமேடு

பூசுவதற்கு முன்னால், காயாக இருக்கும்போது காயவைப்பது வேறு. அது சேமிப்புக்கு அவசியம், அப்போது பருப்பின்மேல் நாம் காக்க வேண்டிய உயிர் எதுவும் இல்லை. பூசிய பிறகு அதே வெயில் ரைசோபியத்தைச் சூட்டாலும் வறட்சியாலும் அழிக்கும்.

ஒளிப்பெட்டி

ஒரு யோசனை. மரநிழலில் துணியை விரித்துக் கேமராவை நிறுத்திவைத்து எடுங்கள். நேரம் போகப் போக நிழல் நகரும், துணியின் ஓரத்தில் வெயில் ஏறும். பெண் வந்து துணியை இழுத்து மறுபடி நிழலுக்குள் கொண்டுவருகிறார். வெயில் வேண்டாம் என்பதை அவர் சரியான செயலாலேயே காட்டிவிடுகிறார். நேரம் கடந்ததும் அதிலேயே தெரிந்துவிடும், ‘30 நிமிடம்’ என்ற எழுத்தும் தேவையில்லை.

கோட்டோவியம்

இது நான் தேடிக்கொண்டிருந்த கட்டம். இரண்டு படமாக வரைகிறேன், நிழல் நகர்வதற்கு முன், பின்.

உலர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது ஐயா?

களத்துமேடு

ஒரு பிடி எடுத்து மெல்ல மூடித் திறக்கச் சொல்லுங்கள். பருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக உதிர வேண்டும், உள்ளங்கையில் சேறுபோல ஒட்டக் கூடாது. லேசான கருமை படிந்தால் பரவாயில்லை. மேகமூட்டமான நாளில் அரை மணி நேரம் போதாது, காற்றடிக்கும் நாளில் அதற்கும் குறைவாகவே ஆகும். கடிகாரத்தைவிட அந்தப் பிடிதான் நம்பகமானது.

மானாவாரி

ரைசோபியம் எவ்வளவு போடுவது? என் பொட்டலத்தில் 200 கிராம் 10 கிலோ விதைக்கு என்று இருந்தது. பக்கத்து வயல்காரர் அதே 200 கிராமை 40 கிலோ பருப்புக்குப் போட்டார், அவருக்குச் சொன்னது அப்படியாம். யார் சரி?

களத்துமேடு

இரண்டு கணக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. 10 கிலோவுக்கு ஒரு பொட்டலம் என்பது பயறுவகைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது. உளுந்து ஒரு கிலோவில் இருபதாயிரத்துக்கும் மேல் விதை இருக்கும், நிலக்கடலையில் சுமார் இரண்டாயிரம் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒவ்வொரு விதைக்கும் போய்ச் சேருகிற பாக்டீரியாவின் எண்ணிக்கைதான் முக்கியம் என்பதால், நிலக்கடலைக்குக் கிலோவுக்குக் குறைந்த தூள் போதும் என்று 40 கிலோ கணக்கைச் சொல்கிறவர்கள் வாதிடுவார்கள். பொட்டலம் பழையதாகவோ வெயிலில் கிடந்ததாகவோ இருந்தால் அந்தக் கணக்கு உடையும், அப்போது கூடுதலாகப் போட்டவர் தப்பிப்பார். அதிகமாகப் போடுவதால் செடிக்குத் தீங்கில்லை, செலவுதான் கூடும்.

காணொளியில் எண்ணைச் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. பெண் பொட்டலத்தைத் திருப்பிப் பயிரின் படத்தையும் காலாவதித் தேதியையும் விரலால் தொட்டுக்காட்டட்டும். சோயாவுக்கான ரைசோபியம் கடலைக்கு உதவாது, எனவே பயிர்ப் பெயர் அளவைவிட முக்கியம்.

பசுந்தாள்

இதை ஏற்க முடியவில்லை. எழுத்துப் படிக்காதவருக்காக என்று தொடங்கிவிட்டு, பொட்டலத்தைப் படிக்கச் சொல்கிறீர்கள். அளவு சொல்லாத செயல்விளக்கம் எப்படிச் செயல்விளக்கம் ஆகும்?

கோட்டோவியம்

@பசுந்தாள் கேட்பது நியாயமான கேள்வி, எனக்கும் இது தீரவில்லை. விநியோகிக்கும் இடத்தில் கிடைக்கும் பொட்டலத்துக்கு ஏற்ப அந்த ஒரு ஷாட்டை மட்டும் மாற்றிச் சேர்க்கும் வசதியோடு காணொளியை அமைக்க முடியுமா என்று தொகுப்பாளரிடம் கேட்கிறேன்.

கடைசிக் கட்டம் பற்றியும் சொல்லுங்கள். செழித்த வயல், புன்னகை. அதை வைத்துக்கொள்ளலாமா?

களத்துமேடு

வேண்டாம். செழிப்புக்கு நூறு காரணம் உண்டு, விதைநேர்த்திதான் காரணம் என்று அந்தப் படம் நிரூபிக்காது. அதற்குப் பதிலாக அதே வயலில் நேர்த்தி செய்யாத ஒரு வரிசையை விட்டு, அடையாளக் குச்சி நட்டு விதையுங்கள். விதைத்து இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு வரிசையிலும் செடிகளை எண்ணினால் கழுத்தழுகலில் போனவை எத்தனை என்று தெரியும். சுமார் 30 நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிக் காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தை நிலைநிறுத்தும் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகக் கடலை விளைந்த நிலத்தில் அதற்கேற்ற ரைசோபியம் மண்ணிலேயே இருக்கும். அங்கே நேர்த்தி செய்யாத வரிசையிலும் முடிச்சு சிவப்பாகவே இருக்கலாம். அப்படி வந்தால் வந்ததை அப்படியே காட்டுங்கள். முதன்முறையாகக் கடலை போடும் நிலத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒளிப்பெட்டி

அப்படியென்றால் படப்பிடிப்பு ஒரே நாளில் முடியாது. 30 நாள் கழித்து அதே வயலுக்கு, அதே பெண்ணிடம், ஏறக்குறைய அதே வெளிச்சத்தில் திரும்பப் போக வேண்டும். குச்சி நட்ட இடத்தையும் கேமரா நின்ற இடத்தையும் முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டோவியம்

புதிய வரிசையைக் கீழே தருகிறேன். விநாடிகள் தோராயம்.

1. ஈரமான வயல், மண்ணைப் பிடித்துப் பார்ப்பது, வானம் (15)
2. மூட்டையிலிருந்து ஒரு பங்கு எடுத்து, மூட்டையைக் கட்டிவைப்பது (15)
3. இரு உள்ளங்கைகள்: உரிந்தது, முழுது. உரிந்ததை ஒதுக்குவது (25)
4. தராசு, குவளை, கோடு (20)
5. மூக்குத் துணி கட்டுதல் (5)
6. ஆறிய கஞ்சி, புறங்கைச் சோதனை (10)
7. துணியில் பருப்பு, சிறிது கஞ்சி தெளித்து டிரைக்கோடெர்மா தூவுதல், இருவர் மூலைகளை உயர்த்துதல் (45)
8. ரைசோபியம் பொட்டலத்தைத் திருப்பிப் பயிர்ப் படமும் தேதியும் காட்டுதல் (15, மாற்றக்கூடிய ஷாட்)
9. ரைசோபியத்தை மீதிக் கஞ்சியில் குழைத்துத் தெளித்தல், மறுபடி உருட்டுதல், மினுமினுப்பில் நிறுத்துதல் (40)
10. நிழல் நகர்வது, துணியை இழுப்பது (25)
11. பிடிச் சோதனை (15)
12. கை கழுவுதல், மீந்த பருப்பைக் குழந்தைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாமல் வைப்பது (20)
13. விதைப்பு, குச்சி நட்ட வரிசை (20)
14. அதே வயல், இரு வரிசை, முடிச்சைக் கீறுதல் (30)

நலம்நாடி

கட்டம் 12இல் மீந்த பருப்பை ‘வைப்பது’ என்று இருக்கிறது. வைத்தால் பிறகு யாராவது எடுப்பார்கள். வயல் ஓரத்தில் புதைப்பதாக மாற்றுங்கள்.

களத்துமேடு

அன்றைய பங்கு மட்டும் எடுத்திருந்தால் மீதம் ஒரு கைப்பிடிதான் இருக்கும், அதையும் இடைவெளி நிரப்ப வயலின் ஓரத்திலேயே ஊன்றிவிடலாம். புதைப்பதைவிட அது விவசாயிக்கு மனம் ஒப்பும். கட்டம் 9இல் ஒரு திருத்தம்: முதலில் தெளித்த கஞ்சியும் இதுவும் சேர்ந்து 100 மில்லிக்கு மேல் போகாமல் பாருங்கள். ஏழாம் கட்டத்தில் பாதிக்கும் குறைவாகவே தெளிக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டாவது உருட்டலில் தோல் உரியும், கேமராவிலும் அது தெரிந்துவிடும்.

கோட்டோவியம்

இரண்டு பாத்திரமாகப் பிரித்து வரைகிறேன், சிறியதில் முதல் தெளிப்பு, பெரியதில் ரைசோபியம். மீந்ததை ஊன்றுவதையே எடுத்துக்கொள்கிறேன். @நலம்நாடி அம்மா, கையுறை போட்ட வரைவையும் போடாத வரைவையும் நாளை இங்கே பதிவேற்றுகிறேன், இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.